உபகாரச் சம்பளத்துக்கும் கடனுக்கும் நடுவே ஒரு பழத்தட்டு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அம்மா நேற்று போன் பண்ணினாள். "அண்ணே, சும்மா கிடைக்கிற உபகாரச் சம்பளத்த வேணாம்னு சொல்றா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். ஒரு வார்த்தையில் சொல்ல வராததால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு நின்றவன், லோரி ஓட்டுகிறவன். ஆனால் உபகாரச் சம்பளம், கடன் இரண்டிலும் அடிபட்டவன்.

உன் அத்தான் காலேஜுக்குப் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் கல்விக் கண்காட்சி நடந்தது. போனோம். ஒரு காலேஜின் ஆட்கள் அவனுடைய எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, அங்கேயே பாதிக் கட்டணத்துக்கு உபகாரச் சம்பளம் என்று சொல்லி, கதவு அகலத்துக்கு ஒரு அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மூன்று வருஷத் தொகையையும் கூட்டிப் போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் கிள்ளான் வரைக்கும் வந்தோம். அட்டை கதவை மறைத்ததால், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நானும் அதுவும் இறங்கி ஏறினோம். ஒரு சீனப் பெரியவர், நான் லாட்டரியில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக் கை கொடுத்தார். உன் அத்தை அந்த அட்டையைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து விளக்கு ஏற்றினாள்.

கூடவே கொடுத்த நாலு பக்கக் கடிதத்தை யாரும் படிக்கவில்லை. அதற்குத்தான் விளக்கு ஏற்றியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு செமஸ்டரும் பாயிண்டர் என்கிற சராசரிப் புள்ளி மூன்றுக்குக் குறையக்கூடாது என்று அதில் இருந்தது. இரண்டாவது செமஸ்டரில் உன் அத்தான் இரண்டு புள்ளி எட்டு எடுத்தான். "கொஞ்சந்தானேப்பா கொறைவு" என்றான். கொஞ்சம்தான். ஆனால் அடுத்த செமஸ்டரிலிருந்து முழுக் கட்டணமும் நம் தலையில். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை.

சரி, கடன் கேட்போம் என்று ஒரு கல்வி அறக்கட்டளையில் விண்ணப்பித்தோம். கடன் கிடைத்தது. ஆனால் மாதச் சம்பளச் சீட்டு உள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், அப்பா அம்மா போடக்கூடாது என்றார்கள். முதல் ஆளாக என் முதலாளியின் கிளார்க் போட்டார். இரண்டாவது ஆளுக்கு டெங்கிலில் இருக்கிற உன் அத்தையின் அண்ணனிடம் போக முடிவு செய்தோம்.

இங்கேதான் உன் அத்தை ஒரு யோசனை சொன்னாள். "இவ்ளோ பெரிய காரியம் கேக்கப் போறோம். வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?" தட்டில் ஐந்து வகைப் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பெட்டி லட்டு. பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். என்னையும் வேட்டி கட்டச் சொன்னாள்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் மச்சான் முகம் மாறிவிட்டது. அவருக்கு ஒரே மகள், இருபத்தாறு வயது, பேங்கில் வேலை. அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்தது, என் வேட்டியைப் பார்த்தது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தண்ணீர்கூட வரவில்லை.

"என்ன மச்சான், திடீர்னு?" என்றார்.

"பையன் விஷயமாத்தான். நீங்கதான் ஒரு நல்ல வார்த்த சொல்லணும்."

"பையனுக்கு இருபதுகூட ஆவல. படிச்சி முடிக்கட்டும் லா."

"இது நடந்தாத்தான் படிப்பே மச்சான்."

மச்சான் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார். "அண்ணே, எங்க பிள்ள அவனத் தூக்கி வளத்தவ. இது கொஞ்சமாச்சும் நல்லாருக்கா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவசர அவசரமாக லட்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒப்பந்தப் பத்திரத்தை உருவி நீட்டினேன். மச்சான் இரண்டு வரி படித்தார். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அடுத்த இரண்டு வரி படித்தார். மறுபடி முகம் மாறியது.

"இதுக்குப் பொண்ணே கேட்டிருக்கலாம் மச்சான்" என்றார்.

கதவு திறந்தது. அந்தப் பிள்ளை வந்து பத்திரத்தை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. "மாமா, இத முழுசாப் படிச்சீங்களா?"

"மலாய் பெரிய மலாயா இருந்திச்சிம்மா."

ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னது. படிப்பு முடிந்து இத்தனை மாதம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும். வேலை கிடைக்கவில்லை என்றால் தள்ளிப்போடச் சொல்லி நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும், பேசாமல் இருந்தால் நிலுவை ஏறும். பையன் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் பாதியல்ல, முழுவதும் கட்ட வேண்டும். "அப்பா, ஒங்களுக்கு இன்னும் மூணு வருஷந்தான் வேல. ஒங்கள ஏத்துக்க மாட்டாங்க. நான் போடறேன்." ஆனால் ஒரு நிபந்தனை: செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றே அவன் அவளுக்கு அனுப்ப வேண்டும்.

அதற்குப் பிறகு உன் அத்தான் மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. காலேஜுக்குப் பயப்படாதவன் இவளுக்குப் பயந்தான். இன்றைக்கும் மாதத் தவணை கட்டிய ரசீதை முதலில் அவளுக்குத்தான் அனுப்புகிறான்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன்னிடம் இருக்கிற இரண்டு கடிதத்தையும் உன் அம்மா படம் பிடித்து அனுப்பினாள். இந்தத் தடவை அகராதி வைத்துக்கொண்டு, எல்லாப் பக்கத்தையும் நானே படித்தேன். மூன்று ராத்திரி ஆனது.

தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கிற தொழிற்சாலை கொடுக்கிற உபகாரச் சம்பளத்தில் கட்டணம், சாப்பாட்டுச் செலவு எல்லாம் வருகிறது. ஆனால் மின் பொறியியல்தான் படிக்க வேண்டும். பாயிண்டர் மூன்று புள்ளி மூன்று. முடித்ததும் ஐந்து வருஷம் அவர்களிடமே வேலை. நடுவில் விட்டால் செலவழித்ததையும் அதற்கு மேலும் கட்ட வேண்டும். அதற்கும் இரண்டு ஜாமீன் உண்டு. உன் அம்மா "சும்மா" என்கிறாளே, அது இதுதான். மோசம் என்று சொல்லவில்லை. மின்சாரம் பிடித்த பிள்ளைக்கு அது பெரிய அதிர்ஷ்டம், வேலை தேடி அலைய வேண்டாம். உனக்கோ பல்ப் மாற்றவே பயம்.

பெட்டாலிங் ஜெயா காலேஜில் நீ கேட்ட பிசியோதெரபி. கடன்தான். வேலைக்குப் போன பிறகு வருஷக்கணக்கில் மாதா மாதம் கட்டுவாய். ஆனால் எங்கே வேலை பார்ப்பது என்று யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். கடன் வாங்கிப் படிப்பது கேவலம் என்று உன் அம்மா நினைக்கிறாள். அவள் வீடு, ஓட்டுகிற காடி, பிரிட்ஜ் எல்லாம் தவணைதான்.

ஒரு விஷயம் மட்டும் அந்தத் தொழிற்சாலைக் கடிதத்தில் இல்லை. நீ படித்து முடிக்கும்போது அவர்களிடம் காலியிடம் இல்லையென்றால் உன்னை விட்டுவிடுவார்களா, காத்திருக்கச் சொல்வார்களா? நான் போன் பண்ணிக் கேட்டேன். விண்ணப்பதாரர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். நான்தான் விண்ணப்பதாரர் என்றேன். வயது கேட்டார்கள், வைத்துவிட்டேன். நீயே கேள், பதிலை ஈமெயிலில் வாங்கு.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். எதை எடுத்தாலும் ஒரு ஜாமீன் நான். இன்னும் ஏழு வருஷம் வேலை இருக்கிறது, விசாரித்துவிட்டேன். மாமாவுக்குப் பாரமாகுமே என்று பார்த்து முடிவு செய்யாதே. ஐந்து வருஷம் காலையில் எந்த இடத்துக்கு முகம் சுளிக்காமல் கிளம்புவாய் என்று பார்.

கடன் என்று முடிவு செய்தால் எனக்கு முதலில் சொல். உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன். தீபாவளி வரை என்னோடு பேச மாட்டாள். பரவாயில்லை.

அன்புடன்,
மாமா