மஞ்சள் கோட்டுக்குள் அடங்காத கீபோர்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் ஏஞ்சலின் கணக்கு எழுதுகிறாள். காலையில் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி வந்து உட்கார்ந்தால், எடைமேடைச் சீட்டுக்கட்டு அவளுக்காகக் காத்திருக்கும். லாரி நம்பர், பாரத்தோடு எடை, காலி எடை, விலை என்று நாள் முழுக்க எண்கள்தான். இடது கை சீட்டைப் புரட்டும், வலது கை கீபோர்டின் வலதுபக்க எண்கட்டத்தில் ஓடும். நடுவிலிருக்கும் ஐந்தாம் எண்ணில் ஒரு சின்னப் புடைப்பு உண்டு. நடுவிரல் அதைத் தொட்டுவிட்டால் போதும், மற்ற எண்களுக்கு வழி விரலுக்கே தெரியும். அவள் கண் சீட்டை விட்டு நகராது. வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பதில் வரும், கை நிற்காது.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பயிற்சிக்காக வந்த கல்லூரி மாணவி சோனியா, தன் பையிலிருந்து உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதான ஒரு குட்டிக் கீபோர்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எண்கட்டம் இல்லை, அம்புக்குறிகள் இல்லை, மேலே எஃப்1, எஃப்2 என்று போகும் வரிசையும் இல்லை. தினமும் ரயிலில் தூக்கிப் போகிறவளுக்கு, உட்கார்ந்து கட்டுரை அடிப்பவளுக்கு, அது சௌகரியம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேனேஜர் பாக்கியநாதன் அதைப் பார்த்தார். பார்த்தவருக்கு ஆசை வந்துவிட்டது.

அவருக்கு அப்போது ஃபைவ் எஸ் என்கிற ஒழுங்குமுறைப் பைத்தியம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், இடத்தைச் சுற்றி மஞ்சள் டேப், கோட்டுக்கு வெளியே எதுவும் இருக்கக் கூடாது. தேவையில்லாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டிப் பின்பக்கக் கொட்டகைக்கு அனுப்பிவிட வேண்டும். அடுத்த வாரம் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். ஆபீஸ் முழுவதற்கும் சோனியாவுடையதைப் போலவே குட்டிக் கீபோர்டு வாங்கி, அதன் அளவுக்கே டேப் ஒட்டச் சொல்லிவிட்டார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. தேர்த் திருவிழாக் கடையில் அடுக்கிய சோப்புப் பெட்டி மாதிரி.

இரண்டே நாளில் அன்புசெல்வன் அவர் அறைக்குப் போனான். கம்பெனியின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். "சார், அம்புக்குறி கீ இல்லாம புரோகிராமுக்குள்ள மேல கீழ போறதுக்கே ரெண்டு விரல் வேணும் சார். எஃப் கீ அமுக்கணும்னா கூட ஒரு கீயைப் புடிச்சிக்கினு அமுக்கணும். பேஜாரா கீது." எண்கட்டம் மட்டும் இல்லாத, மற்ற எல்லாம் இருக்கிற நடுத்தரக் கீபோர்டைக் கேட்டான். மவுஸும் கைக்குப் பக்கத்தில் இருக்கும், தோள் வலிக்காது என்றான். பாக்கியநாதன் தலையாட்டினார். அவன் மேஜையில் டேப்பை இரண்டு விரல்கடை தள்ளி ஒட்டினார்கள்.

அந்த நம்பிக்கையில் ஏஞ்சலினும் போனாள்.

"எனக்குப் பழைய பெரிய கீபோர்டே போதும் சார். நம்பர் கட்டம் இல்லாம ஆவல."

"மேல் வரிசையில நம்பர் இருக்கே மேடம்?"

"அதுக்கு ரெண்டு கையும் வேணும், கண்ணும் வேணும். அப்போ சீட்டை எதால பொரட்டறது?"

"பெரிய கீபோர்டு மவுஸைத் தள்ளிடும். உங்க தோளுக்குத்தான் கெடுதல்."

"கணக்கு ஏத்தற டேலியில நான் மவுஸ் தொடறதே அபூர்வம் சார்."

அவர் சிரித்தார். அன்புசெல்வனிடம் சிரிக்காத சிரிப்பு. "புரோகிராமர் வேலை வேற மேடம். பழகிக்கோங்க."

பழகினாள். ஒழுங்காகத்தான் முயன்றாள், அதில் பொய் சொல்லக்கூடாது. மூன்றாம் நாள் எடைமேடையிலிருந்து யேசுதாஸ் போன் செய்தான். "இன்னாக்கா, லாரி மேல இன்னொரு லாரியை ஏத்திக்கினு வந்தாங்களா? பதினெட்டு டன்னை எண்பத்தொண்ணுன்னு போட்டுகிற!" அவனுக்குச் சிரிப்பு. அவளுக்கு முகம் சுட்டது. இத்தனை வருடத்தில் எண்ணை முன்பின்னாகப் போட்டவளில்லை. சீட்டிலிருந்து கண்ணை எடுத்து, மேல் வரிசையில் ஒன்றைத் தேடி, எட்டைத் தேடி, திரும்பிச் சீட்டில் வரியைப் பிடிப்பதற்குள் எண் புரண்டுவிட்டது.

விஷயம் மேனேஜர் காதுக்கும் போனது. "வயசாயிடுச்சி மேடம், அதான்" என்றார், சோனியாவின் காதுபடவே. "மாசக்கடைசிக்குள்ள வேகம் வரலன்னா கேட் பாஸ் கவுன்டருக்கு மாத்திடறேன். இந்தப் பொண்ணு படிப்பு முடிச்சதும் இங்க ஒக்காரட்டும்."

சோனியா தலையைக் குனிந்துகொண்டாள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, "அக்கா, என் சின்ன கீபோர்டுல சீட்டு அடிச்சுப் பாத்தேன். எனக்கும் வரல. காலேஜ்ல டேலி பழகறது பெரிய கீபோர்டுலதான்" என்றாள். அன்புசெல்வனும் ஒரு யோசனை சொன்னான். எண்கட்டம் மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கும், பக்கத்தில் சொருகிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். வாங்கி வந்து வைத்தாள். சாயங்காலத்துக்குள் அது கோட்டுக்கு வெளியே இருக்கும் பொருள் என்று எடுத்துப் போய்விட்டார்கள்.

ஏஞ்சலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை அலமாரிக்குப் பின்னால் கிடந்த தன் பழைய கீபோர்டை எடுத்துத் துடைத்துச் சொருகினாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டட்டும். காலைச் சீட்டுக்கட்டு மத்தியானத்துக்கு முன்பே முடிந்தது.

டீ குடித்துவிட்டு வந்தால் கீபோர்டு இல்லை. குட்டிதான் கோட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

யாரையும் கேட்கவில்லை. நேரே கொட்டகைக்கு நடந்தாள். உடைந்த நாற்காலி, ஓடாத ஃபேன், அதன்மேல் அவள் கீபோர்டு, கழுத்தில் சிவப்பு அட்டையோடு. அட்டையில் பாக்கியநாதனின் கையெழுத்து. காரணம்: தேவையில்லாதது. பயன்படுத்துபவர்: யாருமில்லை.

காரணத்தைக்கூட அவள் மன்னித்திருப்பாள். அந்த இரண்டாவது வரியைத்தான் தாங்க முடியவில்லை. காலையிலிருந்து அதில் உட்கார்ந்து அடித்தது பேயா?

கீபோர்டை இடுக்கிக்கொண்டு திரும்பினாள். ஒயர் தரையில் இழுபட்டது. எடைமேடையில் நின்ற லாரிக்காரர்கள் பார்த்தார்கள். அட்டையை அவிழ்க்கவில்லை, வேண்டுமென்றேதான். உள்ளே வந்து சொருகினாள். பிறகு நகத்தால் மஞ்சள் டேப்பின் முனையைக் கிள்ளிச் சர்ரென்று உரித்தாள். அன்புசெல்வன் எழுந்து வந்து டேப் உருளையை நீட்டினான்.

பெரிய கீபோர்டைச் சுற்றி ஒட்டி முடிக்கையில் பாக்கியநாதன் நின்றிருந்தார்.

"இன்னா மேடம் இது? மெமோ குடுக்க வெச்சிடாதீங்க."

"குடுங்க சார். வாங்கிக்கிறேன். ஆனா கேட்டுக்குப் போவ மாட்டேன். பொருளை அளந்துதான கோடு போடணும்? நீங்க கோட்டைப் போட்டுட்டு என் கையை வெட்றீங்க."

"சிவப்பு அட்டை கட்டினதை எடுக்க முடியாது. ரூல் இருக்கு."

"பயன்படுத்தற ஆள் தேவைன்னு சொன்னா திருப்பிக் குடுக்கணும்னும் ரூல் கீது. நீங்கதான் மீட்டிங்ல சொன்னீங்க. பேனா குடுங்க."

கேட்ட தோரணையில் அவர் கை தானாகவே சட்டைப்பைக்குப் போய்விட்டது. ஏஞ்சலின் அட்டையைத் திருப்பி, யாருமில்லை என்பதன்மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தன் பெயரை எழுதினாள், இனிஷியலோடு, எழுத்து எழுத்தாக.

"இருக்கிறேன் சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவங்க கேட்டா, அட்டை இங்கதான் தொங்கும். படிச்சிக்கட்டும்."

பாக்கியநாதன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெமோ வருமோ வராதோ, அது அவர் பாடு. மத்தியானத்துச் சீட்டுக்கட்டை யேசுதாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஏஞ்சலினின் இடது கை முதல் சீட்டைப் புரட்டியது, நடுவிரல் ஐந்தின் புடைப்பைத் தொட்டது. மேஜை ஓரத்தில் அட்டை ஆடிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.