பூஜ்ஜியத்திலிருந்து

வாகன இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான அவளை ஊரில் எல்லோரும் 'பாலிசி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது பேசுவாள். வாடிக்கையாளருக்கு ஒரு காசு வீணாகப் போனாலும் அவளுக்குப் பொறுக்காது.

பேக்கரிக்காரர் அவளிடம் பல வருடமாக பாலிசி எடுத்தவர். க்ளெய்ம் கேட்டதே இல்லை. அதற்காக பிரீமியத்தில் முதல் வருடம் இருபது சதவீதம் கழித்துக் கொடுத்த போனஸ், வருடா வருடம் ஏறி ஐம்பதில் வந்து நின்றது. ஒருநாள் கார் கம்பத்தில் இடித்து முன்விளக்கு ஒன்று உடைந்ததும் போன் போட்டார்.

"க்ளெய்ம் போடலாமாம்மா?"

"ஐயோ, வேணாண்ணே! இத்துனூண்டு லைட்டுக்குப் போட்டீங்கன்னா அடுத்த ரினியுவல்ல மொத்த போனஸும் போயிடும். மறுபடி பூஜ்ஜியத்துலேர்ந்து ஏறணும். வெளியிலயே சல்லிசா மாத்திக்கோங்க."

அவரும் சல்லிசாகவே மாற்றினார்.

அவர் ஒரு கார் விபத்தில் இறந்து சில மாதம் கழித்து, அவர் மனைவி பாலிசி அக்காவின் அலுவலகத்துக்கு வந்தாள். சின்னதாக ஒரு கார் பார்த்திருந்தாள்.

"அக்கா, அவரோட போனஸ் இந்தக் காருக்கு வருமா?"

பாலிசி அக்கா அவருடைய பழைய ஃபைலைப் பிரித்தாள். "போனஸ் காரோட போகாதும்மா, ஆளோடதான் வரும். அண்ணன் பழைய காரை வித்துட்டுப் புதுசு வாங்கியிருந்தா கூடவே வந்திருக்கும். அவருக்கப்புறம் உங்களுக்கும் மாத்திக் குடுத்திருப்பாங்க. ஆனா நொறுங்குன காருக்கு க்ளெய்ம் வாங்கிட்டோமே... அதோட முடிஞ்சுபோச்சு."

அவர் மனைவி தலையாட்டினாள். கோபமே இல்லை.

"அதுக்காகத்தான் அந்த லைட்டைக் கைக்காசுல மாத்துனாரு. அக்கா சொன்னாங்கன்னு சொன்னாரு. அது அடிக்கடி அணைஞ்சு போகும். லாரிக்காரர் ஸ்டேஷன்ல என்ன சொன்னார் தெரியுமா? ஒத்த வெளிச்சம்தான் தெரிஞ்சுது, பைக்குன்னு நெனச்சு ஏறி வந்துட்டேன்னார்."

அவள் காரின் பேப்பர்களை மேஜையில் எடுத்து வைத்தாள்.

"புது பாலிசி போட்டுடுங்கக்கா. ஒரு வருஷம் க்ளெய்ம் இல்லாம ஓட்டுனா எனக்கும் இருபது வருமில்ல?"

"வரும்மா."

அன்றிலிருந்து, பொழுது சாய்ந்தால் பாலிசி அக்காவுக்குச் சாலையைக் கடக்கக் கால் வராது. எதிரே ஒற்றை விளக்கு வந்தால் அது பைக்தானா என்று தெரியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். பெரும்பாலும் பைக்காகத்தான் இருக்கும். அப்போதும் அதன் பின் சீட்டில் யாரோ உட்கார்ந்து தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.

கணவர் கேட்பார்: "உனக்கு என்னதான் ஆச்சு?"

"ஒண்ணுமில்லை" என்பாள்.

போன வாரம் ஒரு டாக்ஸிக்காரர் போன் செய்தார். பிரேக் விளக்கு உடைந்துவிட்டதாம். க்ளெய்ம் போட்டால் போனஸ் போய்விடுமா என்று கேட்டார்.

"போயிடும்" என்றாள். அவர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"போகட்டும், தம்பி" என்றாள் கடைசியில். "நல்ல கடையில குடுத்து ஒழுங்கா மாத்துங்க. மாத்துற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க."

"என்னக்கா, நீங்களே இப்படிச் சொல்றீங்க?" என்று சிரித்தார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.