சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் காலி

செங்கல்பட்டில் கோர்ட்டுப் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் வச்சலாவைத் தெரியாதவர்கள் குறைவு. மனு டைப் அடிப்பது, ஆதார் நகல் எடுப்பது, பட்டாவை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புவது எல்லாம் அவள்தான். போன மாதம் அடித்த மனுவைக் கேட்டு யாராவது வந்து நின்றால், பேரைக் கேட்ட கையோடு எடுத்துத் திரையில் காட்டிவிடுவாள். கடை முதலாளி ஜான்சன் சேமித்த ஃபைல்கள் மட்டும் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் டூ', 'நியூ ஃபோல்டர் டூ காப்பி' என்று குட்டி போட்டுக்கொண்டே போகும். "சார், உங்க கொழந்தைக்கும் இப்படித்தான் பேர் வச்சீங்களா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். அன்றிலிருந்து அவர் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை.

ஊரார் ஃபைலை எல்லாம் ஒழுங்கு பண்ணியவள் சொந்த வீட்டுப் படங்களைத் தொடாமலேயே வைத்திருந்தாள். போன தை மாதம் அவளுடைய செல்போனின் பின்பக்கம் பூரி மாதிரி உப்ப ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. பேட்டரி போனால் போகட்டும். உள்ளே இருக்கிற ராமேஸ்வரம் டூர் போனால்?

அந்த டூர் 2023 மே மாதம் போனது. வச்சலா, கணவன் தேவேந்திரன், மகள் யோகேஸ்வரி. தேவேந்திரனின் அண்ணன் உலகநாதன், அண்ணி கன்னியம்மா, அவர்கள் மகள் பரிமளா. அப்போது இரண்டு குடும்பமும் செங்கல்பட்டில் ஒரே வீட்டில், மாடியும் கீழுமாக இருந்தது. அடுப்பு ஒன்றுதான். நாலு நாள் வேன் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே வேனில் எல்லாரும் போனது அதுதான் கடைசி.

பிளஸ் டூ படிக்கும்போது யோகேஸ்வரிக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இன்னும் உயிரோடு இருந்தது. புதிதாக ஒரு ஹார்டு டிஸ்க்கை வாங்கி அதில் சொருகிக்கொண்டு வச்சலா உட்கார்ந்தாள். முதலில் டூருக்கு ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் நாளுக்கும் நிகழ்ச்சிக்கும் ஒவ்வொன்று. வருஷம் முதலில், அப்புறம் மாதம், அப்புறம் தேதி. அப்படிப் பேர் வைத்தால்தான் எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும் தானாக வரிசையில் நிற்கும். '2023-05-19 மதுரை'. '2023-05-20 காலை ராமேஸ்வரம்'. '2023-05-20 மாலை தனுஷ்கோடி'. '2023-05-21 கன்னியாகுமரி'. '2023-05-22 திருச்செந்தூர்'. செல்போனில் எடுத்த படத்தின் பேரிலேயே தேதி இருக்கும், சிரமம் இல்லை. யோகேஸ்வரியும் பரிமளாவும் தங்களைத் தாங்களே எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிய படங்கள்தான் ஏமாற்றும். அவற்றின் பேரில் இருப்பது வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்லை. அதை நம்பினால் மதுரைக் கோபுரம் திருச்செந்தூர்க் கடற்கரையில் போய் நிற்கும். உடுத்தியிருப்பதைப் பார்த்து, தலையில் வைத்த பூ எவ்வளவு வாடியிருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் நாளில் சேர்த்தாள். ஒரே படம் இரண்டு முறை இருந்தால் பெரிதை வைத்துக்கொண்டு சின்னதை அழித்தாள்.

எல்லா ஃபோல்டரும் நிறைந்தன. தனுஷ்கோடி மட்டும் காலி.

அன்று மத்தியானத்துக்கு மேல் அவளுடைய போனில் சார்ஜ் இல்லை. அந்தச் சாயங்காலம் முழுவதையும் கன்னியம்மாதான் தன் போனில் எடுத்தாள். மற்ற மூன்றரை நாளும் வச்சலாவே எடுத்ததால் வச்சலா எதிலும் இல்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள், சாப்பிடுவார்கள், வேன் ஜன்னலில் சாய்ந்து தூங்குவார்கள். அவள் இருந்தது அந்த அரை நாளில்தான். வேன் பஞ்சராகி ஆண்கள் டயரோடு மல்லுக்கட்ட, கன்னியம்மாவும் அவளும் புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றார்கள். இரண்டு பக்கமும் கடல். எதற்கோ சிரித்தார்கள். எதற்கு என்பது மறந்துபோய்விட்டது, வயிறு வலித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

கன்னியம்மா அன்றைக்கே எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். நெட் தீர்ந்துவிடும் என்று வச்சலா அப்போது இறக்கவில்லை. எங்கே போய்விடப் போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. இப்போது போய்த் தொட்டால் புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கலான கட்டங்கள். படம் இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது போன்.

அனுப்பியவரிடம் பேசி இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

டூர் முடிந்த அடுத்த மாதம் பரிமளாவுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுகிற நேரத்தில் உலகநாதன் தம்பியை முன்னால் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள், மறந்துவிட்டது. பிறகு பந்தி தொடங்கியபோது தேவேந்திரன் எழுந்து வெளியே போய்விட்டான். போட்ட இலையை விட்டு எழுந்து வச்சலாவும் பின்னாலேயே போனாள். கன்னியம்மா பரிமாறுகிற கரண்டியோடு வாசல் வரைக்கும் வந்து நின்றாள், கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு இவர்கள் போகவில்லை. பிறகு உலகநாதன் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நாஸ்தா கடை போட்டு, குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார். வீட்டில் மாடி பூட்டிக் கிடந்தது. வச்சலா இன்றைக்கும் மாவு அரைத்தால் இரண்டு குடும்பத்துக்கு ஆகிறாற்போலத்தான் அரைக்கிறாள். மீந்தது புளிக்கும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் யோகேஸ்வரி போனில் பேசும்போது சொன்னாள், பரிமளா அக்கா ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்திலிருந்து வந்து பெரியம்மாவுக்குப் புது போன் வாங்கித் தரப் போகிறாளாம், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவார்களாம் என்று. பெரியவர்கள் பேசாவிட்டாலும் பெண்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரன் வாங்கியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வைப்பான் என்பது வச்சலாவுக்குத் தெரியும். பரிமளாவிடம் சொல்லி எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா என்று மகள் கேட்டாள். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், தேதியும் போய்விடும், நேரில் கேபிள் போட்டு எடுத்தால்தான் சரியாக இருக்கும் என்று வச்சலா நீளமாக விளக்கினாள். யோகேஸ்வரி முழுவதையும் கேட்டாள். பிறகு, "சரிம்மா, கேபிளுக்குத்தான் போற, புரியுது" என்றாள்.

சனிக்கிழமை காலை மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிய தேவேந்திரனிடம் சொன்னாள். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டி முடித்தான்.

"போட்டோவுக்காவ போறியா?"

"போட்டோவுக்குத்தான்."

வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். "ஸ்டெப்னி மாட்டசொல்ல, அண்ணனும் நானும் தரையில குந்திகினு இருந்தோம். அண்ணி ஒண்ணு எடுத்தாங்கோ. அது கீதான்னு பாரு."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில், மடியில் லேப்டாப் பையோடு வச்சலா போனாள். போன் இந்நேரம் அழிந்திருந்தால் என்ன செய்வது என்பதை விட, கதவைத் திறக்கிறவள் என்ன முகத்தோடு திறப்பாள் என்பதைத்தான் வழியெல்லாம் யோசித்தாள்.

கன்னியம்மா வீட்டுக்குப் பின்புறம் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். மதிய வேளை, உலகநாதன் கடையில் இருந்தார். இளைத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. பார்த்தாள். கையை உதறினாள்.

"வழி தெரிஞ்சுதா?"

"கேட்டுகினு வந்தேன்க்கா."

"யாருக்கின்னா ஒடம்பு சரியில்லியா?"

இல்லை என்று சொல்லி, வந்த காரணத்தை வச்சலா சொன்னாள். வீட்டில் ஒத்திகை பார்த்த நீளமான பேச்சு ஒன்றும் வரவில்லை. தனுஷ்கோடி போட்டோ வேணும், உன் போன்லதான் இருக்கு, அவ்வளவுதான் வந்தது.

"அன்னிக்கே அனுப்பினேனே."

"நான் தெறந்து பாக்கலக்கா. இப்ப தெறக்கல."

கன்னியம்மா உள்ளே போனாள், வச்சலாவும் பின்னாலேயே போனாள். விரிசல் விட்ட கண்ணாடியோடு அந்தப் பழைய போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வச்சலா கேபிளைச் சொருகி, போன் திரையில் ஃபைல் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுத்து, கேமரா ஃபோல்டரைத் திறந்தாள். திறந்ததும் கை நின்றது. போன வருஷத்துப் படங்கள் கொஞ்சம். அதற்கு முன்னால், 2023 மே இருபது என்று தொடங்கும் பேர்கள் வரிசையாக. அதற்கும் முன்னால் ஒன்றுமே இல்லை.

"மத்ததெல்லாம் எங்கக்கா? பரிமளா படிக்கசொல்ல எடுத்தது, பழசு?"

"எடமில்ல எடமில்லன்னு கத்திகினே இருந்துது. ஒண்ணொண்ணா அழிச்சேன்." கன்னியம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "அத்த மட்டும் அழிக்கல."

 வச்சலா கட் செய்யாமல் காப்பி செய்தாள். முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு வீடியோவைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்தாள். காற்று இரைச்சல். வேனிலிருந்து யாரோ கத்துகிறார்கள். முழங்கால் தண்ணீரில் அவளே நிற்கிறாள், ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. இன்னொரு செருப்பை அலை கொண்டுபோகிறது. படம் எடுக்கிறவளின் சிரிப்பில் திரை ஆடுகிறது. ஓ, செருப்புக்குத்தான் சிரித்தது.

"புதுச் செருப்பு," என்றாள் கன்னியம்மா தோளுக்குப் பின்னாலிருந்து. "திருச்செந்தூர் வரைக்கும் என்னுத போட்டுகினு வந்த. நான் வெறுங்காலோட வந்தேன்."

"கால் சுட்டுதுன்னு திட்டிகினே வந்தியே."

ஸ்டெப்னி மாட்டுகிற படமும் இருந்தது. அண்ணனும் தம்பியும் தரையில் ஒரே மாதிரி குந்தியிருந்தார்கள், முகம் கருத்து, ஒரே ஸ்பேனரை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு. கன்னியம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வச்சலா பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தாள். நாலு நாளும் இதில் இருக்கிறது, இப்போது தனுஷ்கோடியையும் சேர்த்துவிடுகிறேன் என்றாள். ஒரே இடத்தில் வைத்தால் அது கெட்டுப்போனால் எல்லாமே போச்சு. இன்னொரு காப்பி வேறு வீட்டில் இருக்க வேண்டும். பென் டிரைவும் சும்மாவே கிடந்தால் கெட்டுப்போகும், அப்பப்போ வந்து சொருகிப் பார்க்க வேண்டும்.

"யாரு வந்து பாக்கறது?"

"நான்தான்."

கன்னியம்மா பென் டிரைவை எடுத்துச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து கல்யாணப் போட்டோகாரர் கொடுத்த இன்னொரு பென் டிரைவைக் கொண்டுவந்தாள். அதை உடனே நீட்டவில்லை.

"பரிமளா கல்யாணம் கீது இதுல. ஒனக்கு வேணுமா, வேணாமா?"

வச்சலா அதை வாங்கிச் சொருகினாள். ஹார்டு டிஸ்க்கில் புது ஃபோல்டர் ஒன்றைப் போட்டாள். யாரையும் கேட்கவில்லை, காலண்டரைப் பார்க்கவில்லை. '2023-09-10 பரிமளா கல்யாணம்' என்று அடித்தாள்.

கன்னியம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வரவே இல்ல. தேதி மட்டும் கரீட்டா போட்ற."

"ஞாயித்துக்கெழம. கடை லீவு. வூட்டுலதான் இருந்தேன்."

பெரிய பெரிய வீடியோ ஃபைல்கள். பச்சைக் கோடு ஒரு நகத்தளவுகூட நகரவில்லை. இது முடிய ரொம்ப நேரம் ஆகும் போலிருக்கிறது, அடுத்த பஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான் என்று வச்சலா முணுமுணுத்தாள்.

"ஆவட்டும்." கன்னியம்மா எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனாள். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. "அன்னிக்கு எலைய வுட்டு எழுந்து போன. இன்னிக்கின்னா ஒக்காந்து துன்னு. கை கழுவிகினு வா."