கன்னத்தில் ஒரு வட்டம்

நகரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மாடியில் பத்மினியின் பார்லர் இருந்தது. இப்போது அந்த அறையில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றவில்லை. அதன் மேலேயே புதுப் பலகையை அடித்துவிட்டார்கள்.

பத்மினி நெசவுக் குடும்பத்துப் பெண். திருப்பதியில் ஒரு பெரிய பார்லரில் பல வருடம் நின்று தொழில் கற்றவள். கணவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி, தன் பெயரில் கடை போட்டாள். அவளிடம் ஒரு குறை இருந்தது: வாடிக்கையாளர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

பச்சைக் கல் ரோலர் வைத்தால் முகம் சிவப்பாகுமா என்று கேட்பார்கள். "ஆவாது. ஃபிரிட்ஜ்ல வெச்சி உருட்டுனா காலையில இருக்கற வீக்கம் கொஞ்சம் வடியும். மத்தியானம் பழையபடி ஆயிடும். கல்லு பச்சையோ ரோஜா கலரோ, முகத்துக்குத் தெரியறது குளிர்ச்சி மட்டுந்தான்" என்பாள். இறகு மாதிரி வளைந்த குவா ஷா கல்லைக் காட்டி, தாடை கூராகுமா என்பார்கள். "எண்ணெய் தடவி மெதுவா இழுத்தா இறுக்கம் விட்டு சுகமா இருக்கும். எலும்பு எங்க போவும்?" என்பாள். வந்தவர்கள் சிரித்துவிட்டு, எதிர்த் தெருவில் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லும் பார்லருக்குப் போவார்கள்.

மூக்கில் வைத்து உறிஞ்சும் வேக்கும் மெஷினை மட்டும் வேறு வழியில்லாமல் வாங்கி வைத்திருந்தாள். கல்யாணப் பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். மிகக் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே போவாள். மேலாக இருக்கும் கரும்புள்ளி கொஞ்சம் வரும். அந்தத் துளையில் எண்ணெய் மறுபடி ஊறும். சில வாரத்தில் பழைய நிலைதான். துளை சின்னதாகாது. அதையும் சொல்லிவிட்டுத்தான் மெஷினை எடுப்பாள்.

ரேகா வந்தது கல்யாணத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அப்பா வேதாச்சலம் விசைத்தறி வைத்திருந்தார். மகளும் தறியில் நின்றவள். மாப்பிள்ளை ஹேமநாத் சித்தூர்க்காரன். முகூர்த்தம் வியாழன் விடியலில், காணிப்பாக்கத்தில். மணப்பெண் அலங்காரம் பத்மினியுடையது.

நாற்காலியில் சாய்ந்ததுமே ரேகா மூக்கையும் கன்னத்தையும் தொட்டுக் காட்டினாள். "அக்கா, இதெல்லாம் மெஷின்ல இழுத்துடு. நல்லா ஃபுல்லா வெச்சி இழு. அவங்க வூட்ல எல்லாம் பளபளன்னு கீறாங்க."

பத்மினி விளக்கை இழுத்துப் பார்த்தாள். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் சிலந்திக்கூடு போலத் தெரிந்தன. தோல் வெங்காயச் சருகாக இருந்தது.

"இன்னா க்ரீம் போடற?"

"மெடிக்கல்ல குடுத்தது. ஒரு வருசமா. போட்டா நல்லா செவப்பா வருது."

"அது ஸ்டீராய்டு மருந்துமா. தோல இளைக்க வெச்சிடும். இதுல மெஷின் வெச்சா ரத்தம் கட்டிக்கும். கல்யாணம் முடிஞ்சதும் திருப்பதியில தோல் டாக்டர் கிட்ட போ. அவங்க சொல்ற மாதிரி க்ரீம விடு, திடீர்னு நிறுத்துனா முகம் எரியும்."

"கல்யாணம் வியாழக்கிழம, நீ டாக்டர சொல்ற."

"கேட்டுக்க, ரேகா. நான் வைக்க மாட்டேன்."

குளிர்ந்த ரோலரை மட்டும், அழுத்தாமல் உருட்டிவிட்டாள். ரேகா கண்ணாடியில் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தப் படியிறங்கும் சத்தத்தில் கோபம் இருந்தது பத்மினிக்குத் தெரிந்தது. கோபப்பட்டால் படட்டும் என்று இருந்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம், அலங்காரப் பெட்டியுடன் காணிப்பாக்கம் சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பெண் வீட்டார் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. திறந்த ரேகா துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கினாள். இரண்டு கன்னத்திலும் மூக்கின் ஓரத்திலும், பித்தான் அளவில் ஊதா வட்டங்கள்.

"நீ வைக்கலன்னு ஆன்லைன்ல வாங்கிட்டேன், அக்கா" என்றாள். "நேத்து நலங்குக்கு அப்பறம் வெச்சேன்."

"எவ்ளோ நேரம் ஒரே எடத்துல வெச்ச?"

"வர்ற வரைக்கும்."

பத்மினி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த இரண்டு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது. நகரியில் தறியில் நின்ற பெண்களுக்கு உறிஞ்சுவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டைக்குள் நூலைப் போட்டு, அதன் கண்ணில் வாயை வைத்து, நூல் முனை நாக்குக்கு வரும்வரை உறிஞ்ச வேண்டும். பாதியில் விட்டால் நூல் வராது. இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும். சிறுவயதில் அவளும் செய்ததுதான். ரேகா தன் கன்னத்தையும் நாடாவாக நினைத்துவிட்டாள். கரும்புள்ளி வரவில்லை, வேகத்தைக் கூட்டினாள், பிடித்துக்கொண்டே நின்றாள். இளைத்த தோலுக்கடியில் நரம்பு உடைந்து ரத்தம் வந்தது.

பத்மினி ஆரஞ்சுப் பூச்சைத் தடவி, அதன்மேல் தோல் நிறப் பூச்சை ஒற்றினாள். ஊதா மங்கியது. ஆனால் வட்டத்தின் விளிம்பு வீங்கி நின்றது. பக்கத்தில் வந்தால் தெரியும். அதுவும் வீண் வேலையாகிவிட்டது. மாலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மஞ்சளுடன் வந்தார்கள். பெண்ணின் கன்னத்தில் அவர்கள் மஞ்சள் பூசி, தண்ணீரில் துடைத்துவிடுவது வழக்கம். துடைத்த ஈரத் துணியில் பூச்சு மொத்தமும் வந்துவிட்டது.

ஹேமநாத்தின் தாய் கமலம்மா கையை உதறிக்கொண்டாள்.

"ஏமி இதி? வட்டம் வட்டமா! படர்தாமரையா? வேற நோவா? எங்க கிட்ட மறைச்சி கட்டி வைக்கப் பாத்தீங்களா?"

"அய்யோ, நோவெல்லாம் இல்லங்க" என்றார் வேதாச்சலம். மகளைப் பார்த்தார். ரேகா தரையைப் பார்த்தாள்.

"அப்ப இன்னா? சொல்லுங்களேன். எங்க நாத்தனார் புருசனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. வாயத் தெறந்து சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லியா?"

கமலம்மா வாசலைப் பார்த்து மகனைக் கூப்பிடத் திரும்பினாள். அவள் கூப்பிட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"அது மெஷின் அடையாளம்மா" என்றாள் பத்மினி.

பெட்டியிலிருந்து தன் மெஷினை எடுத்தாள். வேகத்தை மேலே ஏற்றி, கண்ணாடி முனையைத் தன் கன்னத்தில் பதித்து, நகர்த்தாமல் பிடித்தாள். கன்னம் குழாய்க்குள் எழும்பியது. கண்ணில் நீர் கோத்தது. எடுத்தபோது அங்கே பித்தான் அளவில் சிவந்த வட்டம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கருக்கத் தொடங்கியது. வட்டத்தை விரலால் அழுத்திக் காட்டினாள், உள்ளே ரத்தம் கட்டியிருந்ததால் நிறம் மறையவில்லை. ரேகாவுடையதும் அப்படித்தான்.

கமலம்மா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் கோபமாக மாறியது.

"அப்ப நீதானா இந்த வேலை செஞ்சது? கல்யாணப் பொண்ணு மூஞ்சிய இப்படியாடி பண்ணுவ?"

பத்மினி ரேகாவைப் பார்த்தாள். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேகா துப்பட்டாவின் முனையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வேதாச்சலம் முந்திக்கொண்டார்.

"நம்பி வுட்டோம்மா இவள! ஊர்ப் பொண்ணாச்சேன்னு நம்பினோம். துன்ன சோத்துக்கு துரோகம் பண்ணிட்டா!" அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று பத்மினியால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

"பேச்செல்லாம் எனக்கு வேணாம்" என்றாள் கமலம்மா. "நோவு இல்லன்னு சாமி முன்னாடி சத்தியம் பண்ணட்டும். ஒப்புக்கறேன்."

காணிப்பாக்கத்து விநாயகர் முன்னால் சத்தியம் என்றால் இந்தப் பக்கத்தில் யாரும் விளையாட மாட்டார்கள். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் அங்கே சத்தியம் செய்தால்தான் தீரும். பொய் சொல்ல வந்தவர்கள் குளக்கரையிலேயே திரும்பிப் போனதாகக் கதைகள் உண்டு. பத்மினி குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு, கன்னம் விண்விண் என்று தெறிக்க, சந்நிதியில் நின்றாள்.

"ரேகா மூஞ்சியில இருக்கறது நோவு இல்ல. மெஷின் உறிஞ்சின தடம். இது சத்தியம்."

அவ்வளவுதான் சொன்னாள். மெஷினைப் பிடித்த கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கே பொய் சொல்லியிருக்க மாட்டாள். சற்றுத் தள்ளி நின்ற ரேகாவுக்கும் அது தெரிந்திருந்தது. கமலம்மா கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை ரேகா பத்மினியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விடியலில் தாலி ஏறியது. ரேகாவுக்கு வேறு யாரோ ஒரு பெண் பூச்சு போட்டாள். பத்மினி ஈரம் காயாத புடவையைப் பையில் திணித்துக்கொண்டு முதல் பேருந்தில் ஏறிவிட்டாள்.

அவளுக்கு முன்பே செய்தி நகரிக்கு வந்திருந்தது. "சாமி முன்னாடியே ஒத்துக்கினாளாம்" என்றார்கள். முன்பணம் கொடுத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து, கண்ணைப் பார்க்காமல், நாள் தள்ளிப்போயிடுச்சு என்றார்கள். புருவம் திருத்த வருகிற கல்லூரிப் பெண்கள்கூட எதிர்த் தெருவுக்குப் போனார்கள். அங்கே வாசலில் வேக்கும் மெஷின் படத்தோடு புது விளம்பரம் தொங்கியது.

பத்மினியின் கன்னத்து ஊதா மஞ்சளாகி வடிந்தது. வடிந்த இடத்தில் பழுப்பு வட்டம் நின்றுவிட்டது. மாநிறத் தோலில் அப்படித்தான் நிற்கும், மாதக்கணக்கில் நிற்கும் என்று அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஆடிக்குத் தாய்வீடு வந்த ரேகா ஒரு மத்தியானம் மாடியேறி வந்தாள். கடையைக் காலி செய்ய நாற்காலிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள் பத்மினி. ரேகாவின் கன்னத்தில், பவுடருக்கு அடியில் அதே பழுப்பு.

"அக்கா, அந்தக் கல்லு வெச்சி தேச்சா இது போவுமா?"

"போவாது. தேச்சா இன்னும் கருக்கும். வெயில்ல படாம பாத்துக்க. டாக்டர் கிட்ட போனியா?"

"அத்தை வேணான்னுட்டாங்க. டாக்டர் கிட்ட போனா நோவுன்னுதானே ஆவுதுன்றாங்க." கட்டிய நாற்காலிகளைப் பார்த்தாள். "மெஷின நான்தான் வெச்சேன்னு நைனாகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா அவங்க வூட்ல தெரிஞ்சிடும்."

"சரி."

"நீ ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

பத்மினி கயிற்றின் முடிச்சை இழுத்து இறுக்கினாள். "நீ சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

ரேகா அழுதாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துப் பவுடரைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள்.

இப்போது பத்மினி திருப்பதியில், தான் தொழில் கற்ற அதே பார்லரில் சம்பளத்துக்கு நிற்கிறாள். மலைக்கு வந்துவிட்டுப் போகிற கூட்டம் எப்போதும் உண்டு. வேக்கும் மெஷின்தான் அங்கே அதிகம் ஓடுகிறது. அதை அவளிடமே கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் சாய்கிற பெண்கள் அவள் கன்னத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்கிறார்கள்.

"இந்த மெஷின்தான்" என்கிறாள்.

தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொல்கிறார்கள்.