புடவைக்கடைக்காரரின் தனி வரிசை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் நான் வேலை பார்த்த, கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் மின்னஞ்சல் வசதி தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தில் எல்லா வாடிக்கையாளர்களின் மின்னஞ்சலும் ஒரே சர்வரில், ஒரே வரிசையில் நின்றுதான் வெளியே போகும். சிராங்கூன் சாலைப் புடவைக்கடை முதலாளி ஒருவர், கையில் கிடைத்த முகவரிக்கெல்லாம் தள்ளுபடி விளம்பரம் அனுப்பித் தள்ளுவார். அதற்குப் பின்னால் ஒரு கிளினிக்கின் ரிப்போர்ட்டுகள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும். எடுத்துச் சொன்னால், "அவங்க வெயிட் பண்ணட்டும் லா" என்பார்.

அந்தத் திமிருக்காகவே ஒவ்வொரு வாடிக்கையாளரின் டொமைனுக்கும் தனி வரிசையும், மணிக்கு இத்தனை மெயில்தான் என்ற வரம்பும் வைத்தேன். மறுநாள் கிளினிக்கின் மெயில்கள் தடையில்லாமல் போயின. மாலையில் கடைக்காரர் போனில் கத்தினார்.

"சூரத் மொத்தக் கடைக்குப் புடவை ஆர்டர் அனுப்பி ஆறு மணி நேரமாச்சு! எவன் மெயில் என் மெயில மறிக்குது?"

"உங்க விளம்பரம்தான் சார். வெயிட் பண்ணுங்க லா."