திரும்பி வராத ரசீதுப் புத்தகம்

தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, ராஜகீழ்ப்பாக்கத்தில் முதியோர் இல்லம் நடத்தும் ஒரு டிரஸ்டின் தணிக்கைக்குப் போனேன். ரசீதுப் புத்தகங்களின் இருப்புப் பதிவேட்டை எடுத்து, அச்சடித்து வந்தவை, கொடுத்தவை, மிச்சம் என்று வரிசை எண்படி சரிபார்த்தேன். ஒரு புத்தகம் இல்லை. வீடு வீடாக நன்கொடை வாங்கிவரும் அக்காவின் பெயரில் அது கொடுக்கப்பட்டிருந்தது.

"அது எழுதாத புக் சார். பீரோல எங்கயாவது கிடக்கும்," என்றார் செயலாளர். அந்த ஊரின் பழைய நிலக்காரக் குடும்பம். இல்லம் இருக்கும் இடமே அவர் தந்ததுதான்.

அன்று மதியமே அஸ்தினாபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். ரொக்கமாக இரண்டாயிரம் கொடுத்ததற்கு வரிவிலக்குச் சான்றிதழ் வரவில்லையாம். அவர் நீட்டிய ரசீது அந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது. ரொக்கப் பதிவேட்டில் அந்தப் பணம் ஏறவே இல்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். கோவளம் பக்கம் மீனவக் குடும்பம், புருஷன் இல்லை.

"புக்கு முடிஞ்சதும் பணத்தோட இந்த சார் கைல குட்த்தேன். அவர்தான் எண்ணி வாங்கினாரு," என்றாள்.

"கையெழுத்து வாங்கினியா?" செயலாளர் கேட்டார்.

"என்னிக்கு சார் நீ போட்டுக் குட்த்த?"

அவள் சொன்னது உண்மை. திருப்பி வாங்கியதற்குக் கையெழுத்திடும் கட்டம் எந்தப் புத்தகத்துக்கும் நிரப்பப்படவில்லை. அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்: ஒரு புத்தகமும் அதன் வசூலும் கணக்கில் இல்லை, புத்தகங்களைத் திரும்பப் பெறும்போது ஒப்புகை தரும் வழக்கமே இல்லை, ஆகவே யார் பொறுப்பு என்று சொல்ல முடியாது. என் ஆடிட்டர் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். நேர்மையாக வேலை செய்துவிட்டோம் என்று எனக்குப் பெருமைகூட.

செயலாளர் முதல் பாதியை மட்டும் நகலெடுத்து, அக்கா மேல் போலீசில் புகார் கொடுத்தார். ஸ்டேஷனுக்குப் போய் முழு அறிக்கையையும் காட்டினேன். எஸ்.ஐ. புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புக் யார் பேர்ல சார் கீது? அத்த சொல்லுங்க," என்றார்.

அக்கா, புருஷன் போனபின் எடுத்து வைத்திருந்த தாலிச் சரடை விற்றுப் பணத்தைக் கட்டினாள். அந்தப் பணத்துக்கு உடனே ரசீது போட்டார்கள். புகாரை வாபஸ் வாங்கி, வேலையை விட்டும் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் டிரஸ்ட் வேறு ஆடிட்டரிடம் போனது. வழக்கப்படி அவர் எங்களிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டு எழுதினார். நடந்ததை எல்லாம் பதிலாக அனுப்பினோம். அவர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

போன மாதம் மார்க்கெட்டில் அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா, நான் உங்களத் திருடின்னு எழுதல."

"நீ இன்னா எழுதினன்னு எனக்கு யாரு சார் பட்ச்சி சொன்னா?" என்றவள், அடுத்த ஆளுக்கு மீனை நிறுக்கத் தொடங்கினாள்.