சென்னையில் வராத காய்ச்சல்

வரதராஜன்பேட்டை சவரியார் வாத்தியாரின் மருமகள் நான்சிக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை செய்பவள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அந்த விரல்களைப் பார்த்தாலே மாமனார் முகம் சுளிப்பார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் மருமகள் கூலிக்குப் போவதை அவரால் மறைக்க முடியவில்லை. மகனின் வேலையை மட்டும் கச்சிதமாக மறைத்துவிட்டார்.

மகன் லியோ பிரபு பீகாரில் மின்கோபுரம் நிறுத்தும் கம்பெனியில் மேஸ்திரி. நாணயமான வேலை, நல்ல சம்பளம். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றால், வாத்தியாரின் மூக்கு இருக்கிறது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் பீகார்க்காரர்களைக் கடைத்தெருவில் கண்டால் துண்டால் அந்த மூக்கைப் பொத்திக்கொள்வார். “சோத்துக்கு வழியில்லாம வந்து எறங்குறானுவ” என்பார். அந்தச் சோறில்லாத ஊருக்கே தன் மகன் பிழைக்கப் போயிருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வார்? அதனால் லியோ சென்னையில் மெட்ரோ ரயில் இன்ஜினியர் ஆனான். கோயில் வாசலில் ஒரு சம்பளம் சொல்வார், கல்யாணப் பந்தியில் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

நான்சிக்கு இதில் கோபம்கூட வந்ததில்லை. இளக்காரம்தான். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த மனுஷன் என்று மனதுக்குள் காறித் துப்பிக்கொள்வாள்.

லியோ பொங்கலுக்கு வந்தபோது காய்ச்சலோடு வந்தான். சாயங்காலமானால் குளிர் எடுக்கும், விடியும்போது வேர்த்து விடும். இரண்டு நாள் விட்டிருக்கும், மறுபடியும் வரும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார்கள். அடுத்த வாரமும் டைபாய்டு, அடுத்த பாட்டில். காய்ச்சல் எதுவாக இருந்தால் என்ன, கையில் ஊசியைக் குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டால் வைத்தியம் நடந்துவிட்டது என்று நம்பும் ஊர் இது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. லியோ எலும்பும் தோலுமானான். முகம் கருகிக்கொண்டே போனது, வயிறு மட்டும் உப்பியது. அதைப் பார்த்ததும் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடி. கள்ளையே மோந்து பார்க்காதவனைக் குடிகாரன் என்றார்கள். நான்சி மாமனார் மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். “சென்னையில கூட்டாளிங்க சரியில்ல” என்று பெருமூச்சு விட்டார் அவர். மகன் பீகார் கூலியாக இருப்பதைவிடச் சென்னைக் குடிகாரனாக இருப்பது அவருக்கு மரியாதையாகப் பட்டது. அன்றைக்கு நான்சிக்கு அவர் மேல் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று.

ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியதும் அவளே வண்டி பிடித்து அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டாக்டர் இலக்கியா இடது விலாவுக்குக் கீழே கை வைத்து அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் கல்போல் கெட்டியாகத் தொப்புள் வரை இறங்கியிருந்தது. நான்சி ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுக்கப் போயிருந்த நேரத்தில், “வடக்க எங்கயாவது போயிருந்தாரா?” என்று டாக்டர் கேட்டிருக்கிறார். வாத்தியார் முந்திக்கொண்டார். “சென்னையத் தாண்டினதே இல்லைங்க.” லியோ கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் டாக்டர் நான்சியைக் கூப்பிட்டார்.

“ரத்தத்துல எல்லா அணுவுமே கொறைஞ்சிருக்கும்மா. ரத்தப் புத்துநோயா, காசநோயான்னு பாக்கணும். பீகார், ஜார்க்கண்ட் பக்கம் போயிருந்தா வேற ஒண்ணத்தான் மொதல்ல தேடியிருப்பேன். அதுக்கு மருந்து இருக்கு.”

நான்சி பின்னால் நின்ற மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“பீகார்லதான் மேடம் ரெண்டு வருஷமா இருந்தாரு” என்றாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. “மாட்டுக்கொட்டாயி பக்கத்துல மண்சுவர் வூட்டுல படுத்துக் கெடந்தாரு. வாத்தியார் வூட்டு கவுரவத்துக்கு அது ஆவாது, அதான் சொல்லல.”

டாக்டர் வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை, அதற்குக்கூட நேரத்தை வீணாக்கவில்லை. நான்சியிடம் மட்டும் விளக்கினார்.

“மணல் ஈன்னு ஒண்ணு. கொசுவவிட ரொம்பச் சின்னது, சத்தம் போடாது. மண்சுவர் வெடிப்புலயும் தொழுவத்து ஈரத்துலயும் இருக்கும். நோய் இருக்கறவர கடிச்சிட்டு, அப்புறமா இன்னொருத்தர கடிச்சா கிருமி ஏறிடும். மண்ணீரல்லயும் எலும்பு மஜ்ஜையிலயும் குடியேறிடும். காய்ச்சல் தெரியறதுக்கே மாசக்கணக்கு ஆவும். காலா அசார்னு பேரு. கருங்காய்ச்சல். கவனிக்காம விட்டா ஆளு தேற மாட்டாங்க.”

பரிசோதனைப் பட்டையைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். விரலில் எடுத்த சொட்டு ரத்தத்துக்கு அதில் இரண்டு கோடு விழுந்தது. அதோடு விடாமல், இடுப்பெலும்பில் ஊசியிறக்கி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அணுக்களுக்குள்ளே கிருமிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வாத்தியார் டாக்டரிடம் குழைந்தார். “ரிப்போர்ட்டுல சென்னையில கடிச்சுதுன்னு எழுத முடியுங்களா?”

“எழுதினா நாளைக்கே மருந்தடிக்கற ஆளுங்க சென்னையில போயி ஈ தேடுவாங்க சார்” என்றார் டாக்டர்.

அரசாங்கத்திலிருந்து ஆம்போடெரிசின் வந்தது. கொழுப்பில் பொதிந்த மருந்து. உடம்பு எடைக்குத் தகுந்தபடி ஒரே தடவை, நரம்பு வழியே மெதுவாக ஏற்றினார்கள். நடுவில் குளிர் நடுக்கம் கண்டது, நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு மாதமாகப் பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் இறங்காத காய்ச்சல் அந்த வாரமே விட்டது. லியோ ரசஞ்சோறு கேட்டுச் சாப்பிட்டதைப் பார்த்து நான்சி கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

“மண்ணீரல் சுருங்க நாளாவும்” என்றார் டாக்டர். “ஆறு மாசம் வந்து காட்டணும். வருஷம் கழிச்சுக்கூட தோல்ல வெளுப்பா தேமல் வந்தா வுடாம வரணும். அங்க கூட யாரு தங்கியிருந்தாங்க?”

“கொளஞ்சியப்பன்னு ஒருத்தர், கல்லங்குறிச்சி” என்றான் லியோ. “காய்ச்சல்னு எனக்கு முன்னாடியே ஊருக்கு வந்துட்டாரு.”

“உடனே வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

லியோ போனை எடுத்தான். வாத்தியார் குனிந்து கிசுகிசுத்தார். “வேணாம்ப்பா. கல்லங்குறிச்சி என்ன தூரத்துலயா இருக்கு? விஷயம் நம்மூருக்கு வந்துடும்.” லியோ அப்பாவைப் பார்த்தான், போனைப் பார்த்தான், தலையணைக்கடியில் வைத்துவிட்டான். சாவிலிருந்து எழுந்து வந்தவனுக்கும் அப்பனின் மூக்குதான் பெரிதாக இருந்தது. புருஷன்மேலும் இளக்காரம் வருமென்று நான்சி அதுவரை நினைத்ததில்லை.

போனைப் பிடுங்கி அவளே அடித்தாள். எடுத்தது கொளஞ்சியப்பனின் மனைவி சிந்தாமணி.

“அக்கா, ஒங்க வூட்டுக்காரருக்குக் காய்ச்சலாமே, இப்ப எப்படி இருக்காரு?”

“அவரு போயி பதினாறாம் நாளு காரியமும் முடிஞ்சிருச்சுங்க. வயிறு வீங்கிருச்சு. குடிதான்னாங்க. அவரு குடிக்க மாட்டாருங்க.”

“பீகார்ல இருந்தாருன்னு டாக்டருங்ககிட்ட சொன்னீங்களாக்கா?”



“எங்க மாமனாரு பெங்களூருன்னு சொல்லச் சொன்னாருங்க. ஏன், அதனால என்னங்க?”

நான்சி போனை மாமனாரின் கையில் திணித்தாள்.

“கேக்கறாங்க மாமா. நீங்களே சொல்லுங்க.”

வாத்தியார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் சிந்தாமணி, “ஏங்க, அதனால என்னங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.